குறைவும் குறைப்பும்

ஒரு தொழிற்சாலையில் ‘ஆள் குறைவு’ என்றால் வேலைக்குப் போதிய ஆட்கள் இல்லை என்று பொருள். அதே தொழிற்சாலையில் ‘ஆட்குறைப்பு’ என்றால் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பொருள். இரண்டு சொல்லும் ‘குறை’ என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. ஒன்றில் ‘வு’, மற்றதில் ‘ப்பு’. தானாக நேர்ந்தது எது, ஒருவர் செய்தது எது என்பதை அந்தச் சின்ன விகுதி சொல்லிவிடுகிறது.

வினையின் பகுதியோடு விகுதி சேர்ந்து செயலுக்குப் பெயராகும்போது அதைத் தொழிற்பெயர் என்கிறது இலக்கணம். இலக்கண நூல்கள் இதற்கான விகுதிகளைப் பட்டியலிடும்போது பெரும்பாலும் ‘தல்’ என்பதில்தான் தொடங்குகின்றன. அது பொருத்தமான தொடக்கம். ஏனென்றால் மற்ற விகுதிகள் சில வினைகளோடு சேரும், சிலவற்றோடு சேராது. ‘தல்’ அப்படிப் பார்ப்பதில்லை. ஓடுதல், உண்ணுதல், எழுதுதல், உயர்த்துதல் என்று ஏறக்குறைய எந்த வினையோடும் சேர்ந்துகொள்ளும்.

‘குறை’ என்ற வினையையே எடுத்துக்கொள்வோம். விலை தானாகக் குறைந்தால் அது குறைதல். கடைக்காரர் குறைத்தால் குறைத்தல். நடுவில் வரும் அந்தத் ‘த்’ இரண்டையும் பிரித்துவிடுகிறது. வுவும் ப்புவும் பிரிவதும் இதே இடத்தில்தான். எது எங்கே வரும் என்று அறிய எதிர்கால வடிவத்தைச் சொல்லிப் பார்த்தால் போதும். நான் குறைவேன் என்னும்போது ‘வ்’ ஒலிக்கிறது, பெயர் குறைவு. கடைக்காரர் குறைப்பார் என்னும்போது ‘ப்ப்’ ஒலிக்கிறது, பெயர் குறைப்பு. அழிவான், அழிவு, அழிப்பான், அழிப்பு. இணைவான், இணைவு, இணைப்பான், இணைப்பு. பேசத் தெரிந்த எவருக்கும் எதிர்காலம் தெரியும் என்பதால் இந்தச் சோதனைக்கு இலக்கணப் புத்தகம் வேண்டியதில்லை.

ஆனால் ‘ப்பு’ வந்தாலே யாரோ செய்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறப்பு, இறப்பு, நடப்பு, இருப்பு எல்லாவற்றிலும் ப்பு உண்டு. அவற்றில் எதையும் ஒருவர் இன்னொன்றின் மேல் செய்வதில்லை. பிறப்பான், இறப்பான் என்று அவற்றின் எதிர்காலத்தில் ‘ப்ப்’ இருக்கிறது, அதனால் பெயரிலும் வருகிறது, அவ்வளவுதான். குறைவு, குறைப்பு போல இரட்டையாக நிற்கும் சொற்களில்தான் ‘செய்தவர் உண்டா’ என்ற கேள்விக்கு விகுதி விடை தரும். அங்கும் வழக்கு சில சமயம் தன் போக்கில் போகும். வெள்ளத்தில் ஏரிக்கரை தானாக உடைந்தாலும் ஊரார் அதை ‘உடைப்பு’ என்றே சொல்கிறார்கள். வளர்ப்பான் என்பதற்கு வளர்ப்பு இருக்கிறது. வளர்வான் என்பதற்கோ வளர்ச்சிதான் நிலைத்துவிட்டது. மீன் வளர்ப்பு குளத்துக்காரர் செய்வது, மீன் வளர்ச்சி மீனுக்கு நேர்வது.

தல் விகுதிக்கும் ப்பு விகுதிக்கும் இன்னொரு முக்கியமான வேறுபாடு உண்டு. ‘விலையைத் திடீரென்று குறைத்தல்’ என்று சொல்லலாம். ‘விலையைத் திடீரென்று குறைப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘திடீர் விலைக் குறைப்பு’ என்றே சொல்வார்கள். குறைத்தல் பெயரான பிறகும் வினையின் குணத்தை விடவில்லை. ‘ஐ’ உருபு ஏற்ற செயப்படுபொருளைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது, ‘எப்படி’ என்பதற்கான சொல்லையும் வைத்துக்கொள்கிறது. குறைப்பு முழுப் பெயராகிவிட்டது. குறைப்புகள் என்று பன்மையும் ஆகும். இப்படி முழுப் பெயரானவைதான் செயலைத் தாண்டிப் பொருளுக்கும் பெயராகின்றன. கடையில் ‘இருப்பு’ என்றால் சரக்கு, வங்கியில் பணம். ‘இருத்தல்’ அப்படி மாறவில்லை.

செய்தித்தாள் வாசகருக்கு இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உகரத்தில் முடியும் பல வினைகள் வுவையும் ஏற்பதில்லை, ப்புவையும் ஏற்பதில்லை. ஓடு ஓட்டமாகிறது, பேசு பேச்சாகிறது. ஏறு, ஏற்று என்ற இரண்டுக்குமே ‘ஏற்றம்’ என்ற ஒரே பெயர். மாறு, மாற்று இரண்டுக்கும் ‘மாற்றம்’. ஆகவே ‘விலையேற்றம்’ என்று படிக்கும்போது விலை தானாக ஏறியதா, யாராவது ஏற்றினார்களா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. ‘உயர்த்து’ என்ற வினைக்கும் புழக்கத்தில் தனிப் பெயர் இல்லாததால், அரசோ நிறுவனமோ முடிவெடுத்து உயர்த்திய கட்டணமும் ‘கட்டண உயர்வு’ என்றே அச்சாகிறது. உயர்வு ‘உயர்வான்’ பக்கத்துச் சொல். செய்தவருக்கு அதில் இடமில்லை. கட்டணக் குறைப்பு என்னும்போது குறைத்தவர் தெரிகிறார், கட்டண உயர்வு என்னும்போது உயர்த்தியவர் மறைந்துவிடுகிறார். அவரையும் காட்ட விரும்புகிற செய்தியாளர் ‘கட்டணத்தை உயர்த்துதல்’ என்று தல் விகுதிக்குத் திரும்பலாம், அல்லது ‘கட்டணம் உயர்த்தப்பட்டது’ என்பதை விட்டு, உயர்த்தியது இன்னார் என்று வினைமுற்றாகவே எழுதலாம்.