பாதி நேர வேலைக்கு முழு நேர அளவுகோலா?

மார்ச் முடிந்தால் பல நிறுவனங்களில் அப்ரைசல் படிவம் வந்துவிடும். நிரந்தரப் பணியாளருக்கும் பகுதி நேரப் பணியாளருக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் ஒரே படிவம்தான். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம் என்று நிர்வாகம் மனதார நம்புகிறது. ஆனால் அந்தப் படிவம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால், நாள் முழுக்க இருப்பவரை, எல்லா ஷிஃப்டுக்கும் வருபவரை, பல வருடம் தங்கப்போகிறவரை வைத்து எழுதியிருப்பார்கள். அதில் பகுதி நேரப் பணியாளர் வாங்கும் குறைந்த மதிப்பெண், பெரும்பாலும் அவருடைய வேலையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேபை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக எண்களை முழு எண்களாக வைத்துக்கொள்ளலாம். வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கும் நிரந்தர டெக்னீஷியன்கள் மூன்று பேர். அவர்களோடு, காலை ஆறரை முதல் பத்தரை வரை மட்டும் வரும் ஒப்பந்த டெக்னீஷியன் ஒருவர். வாரம் ஆறு நாள், மொத்தம் 24 மணி நேரம். இரவு டியூட்டி கிடையாது என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

படிவத்தில் 100 மதிப்பெண். வேலையின் அளவுக்கு 30, தரத்துக்கு 30, வருகைக்கும் நேரம் தவறாமைக்கும் 10. இரவு டியூட்டி, சரக்கு இருப்பு பார்ப்பது போன்ற கூடுதல் பொறுப்புகளுக்கு 20. பயிற்சி, கூட்டங்களில் பங்கேற்பதற்கு 10. காலைப் பணியாளர் வாங்கியது இது: சாம்பிள் எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறைவு என்பதால் அளவில் 15, தரத்தில் 27, வருகையில் 9. கூடுதல் பொறுப்பு எதுவும் அவரிடம் கொடுக்கப்படவில்லை, அதனால் சுழியம். கூட்டம் மாலை மூன்று மணிக்கு நடப்பதால் அதிலும் சுழியம். ஆக மொத்தம் 51. நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு 74.

இப்போது ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். அந்த லேபிலேயே மிகச் சிறந்த நிரந்தரப் பணியாளர், இதே காலை நேர ஒப்பந்தத்துக்கு மாறி, ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படிவத்தில் அவரால் அதிகபட்சம் எவ்வளவு வாங்க முடியும்? பாதி நேரத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், அதற்கு 15. தரத்துக்கு முழுசாக 30, வருகைக்கு 10. மொத்தம் 55. அதற்கு மேல் யாராலும் வாங்க முடியாது. அப்படியானால் 51 என்பது சராசரி மதிப்பெண் அல்ல. எட்டக்கூடிய 55-இல் 51. அந்தப் படிவம் ஆளை அளக்கவில்லை, அவருடைய ஒப்பந்தத்தை அளந்துவிட்டு அவர் பெயரை மேலே எழுதியிருக்கிறது. எந்த நிறுவனமும் தன் படிவத்தை இந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரிசெய்யும் வேலை, படிவத்தையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படிப்பதில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகள்: இது இவருடைய வேலையில் உண்டா? இதைச் செய்ய இவருக்கு வாய்ப்பு தரப்பட்டதா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், அந்த வரிக்குச் சுழியம் போடக் கூடாது. வரியையே எடுத்துவிட வேண்டும். இரவு டியூட்டி போகிறது. கூட்டமும் போகிறது, அல்லது கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டு அந்த வரியை வைத்துக்கொள்ளலாம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். ஏனென்றால் படிவத்தில் இல்லாத எதையெல்லாம் இவர் செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. லேபைத் திறப்பவர் இவர்தான். மெஷினை ஓடவிட்டு, முதல் நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த 'கண்ட்ரோல்' திரவத்தை ஓட்டிப் பார்ப்பவர் இவர்தான். விடை எல்லைக்குள் வந்தால்தான் அன்றைய ரிப்போர்ட்டுகளை நம்ப முடியும். எல்லை தாண்டினால் காரணத்தைத் தேடி, சரிசெய்து, பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த நாள் முழுக்க வெளியே போகும் ரிப்போர்ட்டுகள் இந்தக் காலை வேலையின் மேல்தான் நிற்கின்றன. படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இவர் பத்தரைக்குக் கிளம்பும்போது முடியாமல் நிற்கும் சாம்பிள்களை அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் அப்படித்தான். எனவே எடுத்துவிட்ட 30 மதிப்பெண்ணில், திறப்பு மற்றும் கண்ட்ரோல் சோதனைக்கு 20, ஒப்படைப்புக்கு 10 என்று வைக்கலாம். மீதி 70 மதிப்பெண்ணுக்கான வரிகள் எல்லோருக்கும் பொது. ஒரே வேலைக்கு ஒரே அளவுகோல், வேறு வேலைக்கு வேறு வரி. நிரந்தரப் பணியாளர்களும் இதில் குறை சொல்ல இடமில்லை.

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். காலைப் பணியாளர் மாதம் 100 மணி நேரத்தில் 1,200 சாம்பிள் எடுக்கிறார். நிரந்தரப் பணியாளர் 200 மணி நேரத்தில் 1,600. மொத்தத்தைப் பார்த்தால் காலைப் பணியாளர் பின்தங்கியிருக்கிறார். மணிக்கு எத்தனை என்று வகுத்தால் இவருக்கு 12, அவருக்கு 8. திடீரென்று இவர் பெரிய கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். இரண்டு முடிவுமே தவறு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் காலையில்தான் குவிவார்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்து, நிரந்தரப் பணியாளர் ரிப்போர்ட் தயாரிப்பதிலும் மற்ற சோதனைகளிலும் இருப்பார். ஆகவே காலைப் பணியாளரை ஒப்பிட வேண்டியது, நிரந்தரப் பணியாளர் காலை ஷிஃப்டில் இருந்த அதே ஆறரை முதல் பத்தரை வரையிலான நேரத்தோடு மட்டும். அப்படி எடுத்தால் அவருக்கு மணிக்கு 12.5, இவருக்கு 12. இருவரும் கிட்டத்தட்டச் சமம். நேர விகிதத்தில் வகுப்பது முதல் படி. ஒரே மாதிரியான நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் கணக்கு முழுமையாகிறது.

தரத்தில் விகிதம் வேறு விதமாக வருகிறது. நேரம் பாதி என்பதற்காகத் துல்லியம் பாதியாக இருக்க முடியாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தச் சாம்பிளை ஒதுக்கிவிட்டு நோயாளியை மறுபடியும் குத்த வேண்டியதுதான். இப்படி மறுபடி எடுத்தவை எத்தனை என்பதை, எடுத்த மொத்த சாம்பிளில் நூற்றுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். 1,200-இல் 12 என்றாலும் 1,600-இல் 16 என்றாலும் நூற்றுக்கு ஒன்றுதான்.

ஆனால் அரிதாக நடக்கும் பிழைகளில் இந்த வகுத்தல் ஏமாற்றும். ஆறு மாதத்தில் ஒருவர் ஒரு முறை லேபிளை மாற்றி ஒட்டினார், இன்னொருவர் இரண்டு முறை ஒட்டினார் என்றால், அதை வைத்து யார் கவனமானவர் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை அவ்வளவு சின்னது. குறைந்த நேரம் வருபவருக்கு ஒரே ஒரு பிழைகூட விகிதத்தில் பெரிதாகத் தெரியும். லேபிள் மாறுவது ஆபத்தான பிழை. அதை ஒவ்வொன்றாக விசாரித்து, ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண்ணாக மாற்றக் கூடாது. மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவருக்கும் இதே காரணத்தால் எண்ணைவிட எழுத்து மூலமான கருத்தே பொருத்தம்.

மதிப்பெண் போடுபவர் எதைப் பார்த்துப் போடுகிறார் என்பதும் முக்கியம். தலைமை டெக்னீஷியன் ஒன்பது மணிக்கு வருகிறார் என்றால், காலைப் பணியாளரின் நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவர் கண்ணால் காண்கிறார். மாலை வரை கூடவே இருப்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். இவரை அரைகுறையாகத்தான் தெரியும். எனவே கண்ட்ரோல் பதிவேடு, மறுபடி எடுத்த சாம்பிள்களின் பதிவு, இவரிடமிருந்து வேலையைப் பொறுப்பேற்பவரின் கருத்து ஆகிய மூன்றும் இல்லாமல் எண் போடக் கூடாது.

புதிய படிவத்தில் அதே ஆள், அதே வேலை. அளவில் 25, தரத்தில் 27, வருகையில் 9. திறப்பு மற்றும் கண்ட்ரோல் சோதனையில் 17. தினமும் தவறாமல் ஓட்டியிருக்கிறார், ஆனால் இரண்டு நாள் விடை எல்லை தாண்டியபோது என்ன செய்தார் என்று எழுதவில்லை. ஒப்படைப்பில் 5 மட்டுமே. எந்தச் சாம்பிள் நிலுவையில் இருக்கிறது என்று எழுதி வைக்காததால், அடுத்து வருபவர் பல முறை அவருக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. மொத்தம் 83. பழைய படிவம் இவருடைய உழைப்பை மறைத்தது போலவே இந்தக் குறையையும் மறைத்திருந்தது. நியாயமான அளவுகோல் சலுகை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த மதிப்பெண்ணால் என்ன நடக்கும் என்பதும் வேலைக்குச் சேரும் நாளிலேயே தாளில் இருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு இன்கிரிமென்ட், பதவி உயர்வு என்று பாதை இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளருக்கு அப்படி எதுவும் இல்லையென்றால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மணிக் கூலி எவ்வளவு கூடும், நிரந்தர இடம் காலியானால் முன்னுரிமை உண்டா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். சம்பளத்தில் ஒரு வழிகாட்டுதலும் இருக்கிறது. ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் அரசின் தற்காலிகப் பணியாளர்களைப் பற்றிச் சொன்னபோது, நியமனத்தின் பெயரைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்தது. நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்பவருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதிய விகிதமாவது உண்டு என்றது. மதிப்பீட்டிலும் தொடக்கப் புள்ளி அதுவாகவே இருக்க வேண்டும்.

ஏஜென்சி மூலம் வருபவர்களின் நிலை வேறு. அவர்களைத் தனித்தனியாக மேற்பார்வையிட்டு மதிப்பெண் போடுவது, உண்மையான முதலாளி யார் என்ற தொழில் வழக்கில் ஒரு ஆதாரமாக வந்து நிற்கலாம். சேவையின் தரத்தை ஏஜென்சியோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதி, ஆளை மதிப்பிடும் பொறுப்பை ஏஜென்சியிடம் விடுவதே வழக்கம். அப்போதும் எந்த வரிகளில் மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இனி அந்த 5 மதிப்பெண்ணுக்கு வருவோம். ஒப்படைப்பு ஏன் சரியில்லை என்று விசாரித்தால், பத்தரை வரை அவருக்கு சாம்பிள் வந்துகொண்டே இருப்பது தெரியும். பத்தரைக்கு மேல் நின்று எழுதினால் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. குறையில் பாதி அவருடையது, பாதி ஒப்பந்தத்தினுடையது. பத்து இருபதுக்கு மேல் அவருக்கு சாம்பிள் அனுப்பாமல், கடைசிப் பத்து நிமிடத்தை ஒப்படைப்புக்கென்று கூலியோடு ஒதுக்கிவிட்டால், அடுத்த வருடம் அந்த வரிக்கு அவரை முழுதாகப் பொறுப்பாக்கலாம்.