தொடர்ச்சியாக ஐந்து தலைகள்: நாணயம் கோடியதா?

மாணவர்களே, நிகழ்தகவுப் பாடத்தில் நீங்கள் செய்யும் முதலாவது பரிசோதனை நாணயம் சுண்டுதலாகும். பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக. ஒரு நாணயத்தை 20 தடவைகள் சுண்டிப் பேறுகளை வரிசையாக எழுதி வருமாறு ஆசிரியர் கூறுகிறார். இரண்டு மாணவர்களின் கொப்பிகளில் உள்ளவை கீழே தரப்பட்டுள்ளன. இங்கு த என்பது தலையையும் பூ என்பது பூவையும் குறிக்கும்.

கொப்பி அ: த பூ பூ த த த த த பூ த பூ பூ பூ த பூ த த பூ பூ த

கொப்பி ஆ: த பூ த த பூ த பூ பூ த பூ த பூ பூ த பூ த த பூ த பூ

ஒருவர் மட்டுமே உண்மையாகச் சுண்டினார். மற்றவர் சுண்டாமல் மனத்திலே தோன்றியதை எழுதினார். அவர் யார்?

பெரும்பாலானோர் அ என்பவரையே சந்தேகிப்பர். “ஐந்து தலைகள் அடுத்தடுத்து வருமா? அவர் பொய்யாக எழுதியிருக்க வேண்டும், அல்லது அந்த நாணயம் கோடியதாக இருக்க வேண்டும்” என்பர். உண்மையில் நாணயத்தைச் சுண்டியவர் அ என்பவரே. நேர்மையாக வேலை செய்த ஒருவர்மீது பழி விழுவதற்குக் காரணமான இத்தவறு எங்கே உள்ளது எனப் பார்ப்போம்.

சிறிய உதாரணமொன்றை எண்ணிப் பார்த்தல்

கோடாத நாணயம் ஒன்றை 5 தடவைகள் சுண்டினால் மாதிரிவெளியில் 2 × 2 × 2 × 2 × 2 = 32 பேறுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றினதும் நிகழ்தகவு 1/32 ஆகும். இவற்றுள் தலையில் தொடங்குபவை 16. அந்தப் 16 இல், ஒரே பக்கம் அடுத்தடுத்து மூன்று தடவைகளோ அதற்கு மேலோ வரும் பேறுகள் இவை:

த த த த த
த த த த பூ
த த த பூ த
த த த பூ பூ
த பூ பூ பூ பூ
த பூ பூ பூ த
த த பூ பூ பூ
த பூ த த த

இவை எட்டு. பூவில் தொடங்குபவற்றிலும் இவ்வாறே எட்டு உள்ளன. எனவே தேவையான நிகழ்தகவு 16/32, அதாவது 1/2 ஆகும். ஐந்தே தடவைகள் சுண்டினாலும், மூன்றின் தொடர் ஒன்று வருவதற்கும் வராமல் விடுவதற்கும் சமமான வாய்ப்பே உண்டு. இது பலருக்கு வியப்பளிக்கும்.

20 தடவைகள் சுண்டும்போது பேறுகளின் எண்ணிக்கை 1 048 576 ஆகும். அவற்றையும் இதே நோக்கில் எண்ணினால், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தொடர் ஒன்றேனும் வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 77% எனவும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொடர் வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 46% எனவும் கிடைக்கும். 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் எல்லோரும் உண்மையாகச் சுண்டினால், ஏறத்தாழ 18 கொப்பிகளில் அ போன்ற தொடரைக் காணலாம்.

இப்போது கொப்பி ஆ இனைப் பாருங்கள். அதில் மூன்றின் தொடர்கூட இல்லை. கோடாத நாணயம் 20 தடவைகளில் இவ்வாறு வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 2% மட்டுமே. 20 பேறுகளுக்கு இடையே 19 அடுத்துள்ள சோடிகள் உண்டு. அவற்றுள் பாதியளவில், அதாவது ஒன்பது அல்லது பத்தில், பக்கம் மாறும் என எதிர்பார்க்கலாம். கொப்பி அ இல் 10 மாற்றங்கள் உள்ளன. கொப்பி ஆ இல் 15 மாற்றங்கள் உள்ளன. மனத்தால் எழுதுபவர் தொடரைக் கண்டு அஞ்சி, அடிக்கடி பக்கத்தை மாற்றிவிடுகிறார்.

தவறு எங்கே உள்ளது?

சந்தேகிப்பவர் செய்யும் கணிப்பு பின்வருமாறு: ஐந்து தடவைகளும் ஒரே பக்கம் விழுவதற்கான நிகழ்தகவு 2/32, அதாவது 1/16. இது சிறியது, ஆகவே நாணயம் கோடியது. கணிப்புச் சரியானதே. ஆனால் அது வேறொரு வினாவுக்குரிய விடையாகும். “4ஆம் சுண்டுதல் முதல் 8ஆம் சுண்டுதல் வரை ஒரே பக்கம் விழுமா?” என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் விடை 1/16 ஆகும். நாம் அவ்வாறு கேட்கவில்லை. முழு வரிசையையும் பார்த்த பின்னரே, கண்ணில் பட்ட ஐந்தைத் தெரிந்தெடுத்தோம். ஐந்தின் தொடர் தொடங்கக்கூடிய இடங்கள் 16 உள்ளன. அவற்றுள் எங்கேனும் ஒன்று வருமா என்பதே உரிய வினா. அதன் விடையே 46%.

இத்தவறு மனத்தில் எழுவதற்கான காரணத்தை அமோஸ் தவேர்ஸ்கி, டானியல் கானமன் ஆகிய உளவியலாளர்கள் 1971 இல் விளக்கினர். மிகப் பல தடவைகள் சுண்டினால் தலையும் பூவும் ஏறத்தாழப் பாதிப் பாதியாக வரும் என்பது உண்மை. மக்களோ சிறிய பகுதியும் அவ்வாறே சமநிலையாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். சமநிலை குலைந்தவுடன் அதற்கொரு காரணம் தேடுகின்றனர்.

இது வகுப்பறையுடன் நிற்பதில்லை. அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் கருவியில் பாடல்களை எழுமாறாக ஒலிக்கச் செய்தபோது, ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வந்ததால், கருவி சிலரைத் தெரிந்தெடுக்கிறது எனப் பலர் முறையிட்டனர். 2005 இல் அந்நிறுவனம், ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவதைக் குறைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. அதாவது, எழுமாறாகத் தோன்றுவதற்காக எழுமாறான தன்மையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சந்தேகம் எழுந்தால் சோதிப்பது எவ்வாறு?

கோடிய நாணயங்களும் உலகில் உண்டு. எனவே சந்தேகிப்பது தவறன்று. சந்தேகத்தை எழுப்பிய அதே தொடரைச் சான்றாகவும் காட்டுவதே தவறு. முதலில் கருதுகோளை எழுதுங்கள்: “இந்நாணயத்தில் தலை கூடுதலாக விழும்.” பின்னர் எத்தனை தடவைகள் சுண்டுவது, எவ்வளவு வந்தால் சந்தேகிப்பது என்பவற்றையும் எழுதுங்கள். அதன் பின்பே புதிதாகச் சுண்டத் தொடங்குங்கள். பழைய பேறுகளைச் சேர்க்க வேண்டாம்.

கோடாத நாணயத்தை 100 தடவைகள் சுண்டினால், தலைகளின் எண்ணிக்கை 40 இற்கும் 60 இற்கும் இடையில் (இரண்டும் உட்பட) அமையும் நிகழ்தகவு ஏறத்தாழ 96% ஆகும். புதிய சோதனையில் 75 தலைகள் வந்தால் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. 54 வந்தால் ஆதாரம் இல்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு: தலையின் நிகழ்தகவு 0.52 ஆகவுள்ள சற்றே கோடிய நாணயத்தை 100 சுண்டுதல்களால் இனங்காண முடியாது. அதற்குப் பல்லாயிரம் சுண்டுதல்கள் தேவை. அதேபோல் கொப்பி ஆ இன் 2% உம் முடிந்த சான்று அன்று. ஆசிரியர் அம்மாணவரைத் தண்டிக்காமல், தம் முன்னிலையில் மீண்டும் சுண்டச் செய்வதே நியாயமானது.

பயிற்சி வினாக்கள்

1. கோடாத நாணயம் ஒன்றை நான்கு தடவைகள் சுண்டியபோது நான்கும் தலையாக விழுந்தன. ஐந்தாவதும் தலையாக விழும் நிகழ்தகவு யாது?

2. கோடாத நாணயம் ஒன்று 4 தடவைகள் சுண்டப்படுகிறது. ஒரே பக்கம் அடுத்தடுத்து மூன்று தடவைகளோ அதற்கு மேலோ விழும் நிகழ்தகவைக் காண்க.

விடைகள்

1. சுண்டுதல்கள் சாரா நிகழ்ச்சிகள். எனவே 1/2.

2. தலையில் தொடங்கும் 8 பேறுகளுள் த த த த, த த த பூ, த பூ பூ பூ ஆகிய மூன்றும் பொருந்தும். பூவில் தொடங்குபவற்றிலும் மூன்று. எனவே 6/16 = 3/8.