நடு ஸ்வரம் விலகும்போது

சி, ஜி, ஏ மைனர், எஃப். கீபோர்டோ கிட்டாரோ கற்றுக்கொள்பவர்கள் முதல் சில மாதங்களிலேயே வாசித்துவிடும் கார்ட் வரிசை இது. உலகெங்கும் எத்தனையோ பாப் பாடல்கள் இந்த நான்கின் மேல்தான் நிற்கின்றன. அதனாலேயே இரண்டாவது கார்ட் வரும்போதே நான்காவது என்னவென்று காது சொல்லிவிடுகிறது. வரிசையை மாற்றாமலேயே அந்த முன்கூட்டிய முடிவைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு: சஸ்பெண்டட் கார்ட்.

சி என்ற கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம். வெள்ளைக் கட்டைகள் சங்கராபரண ஸ்வரங்களாகிவிடும். சி மேஜர் கார்ட் என்பது ச, க, ப. இதில் சவும் பவும் மகிழ்ச்சியும் சொல்லாது, சோகமும் சொல்லாது. நடுவில் இருக்கும் கதான் அதைத் தீர்மானிக்கிறது. அந்தர காந்தாரமானால் மேஜர். சாதாரண காந்தாரமானால் மைனர். அந்தக் கவை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் மவை வைத்தால் சஸ் ஃபோர். கீழே இருக்கும் ரியை வைத்தால் சஸ் டூ. இரண்டிலும் கார்ட் மேஜரா மைனரா என்று தெரியாது. மனநிலை அறிவிக்கப்படாமல் நிற்கிறது. காது அடுத்து வருவதற்காகக் காத்திருக்கிறது.

ஐரோப்பியத் தேவாலயங்களின் குழுப்பாடல்களில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளிலேயே இந்தப் பழக்கம் இருந்தது. மற்ற குரல்கள் அடுத்த இணைவுக்கு நகர்ந்த பிறகும் ஒரு குரல் பழைய ஸ்வரத்தையே பிடித்திருக்கும். அது அங்கே உறுத்தும். பிறகு ஒரு படி இறங்கிச் சேரும். இந்த மூன்று கட்டங்களையும் மனதில் வைத்தால், நம் வரிசையில் சஸ் எங்கே இயல்பாக அமரும் என்று கண்டுபிடிக்கலாம்.

சி கார்டில் ச ஒலித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஜி கார்ட் ப, நி, ரி. உடனே நிக்குப் போகாமல் சவையே பிடித்துக்கொள்ளுங்கள்: ப, ச, ரி. அதுதான் ஜி சஸ் ஃபோர். நாலு அடியில் முதல் இரண்டை இப்படி வாசித்து, மூன்றாம் அடியில் சவை நிக்கு இறக்குங்கள். நான்காம் அடிவரை தாமதித்தால் ஏக்கம் கூடும். அரை அடியிலேயே இறக்கினால் வெறும் அலங்காரமாகிவிடும். அடுத்தது ஏ மைனர்: த, ச, க. இப்போது வந்து சேர்ந்த நியை விடாமல் வைத்தால் த, நி, க என்று ஏ சஸ் டூ கிடைக்கிறது. இந்த முறை நி மேலேறி சவில் சேரும். ஒரே விரல் ச, நி, ச என்று போய்வருகிறது. என் காதுக்கு இந்த மாற்றத்தின் அழகெல்லாம் அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது.

எஃப்பில் கவனம் தேவை. அதன் சஸ் ஃபோருக்குக் கைசிகி நிஷாதம் வேண்டும். அது கறுப்புக் கட்டை, இந்த ஸ்கேலுக்கு வெளியே இருப்பது. வேண்டுமென்றே வைத்தால் சரி, தெரியாமல் வைத்தால் பாட்டு வேறெங்கோ திரும்பியதுபோல் இருக்கும். சஸ் டூ பாதுகாப்பானது: ம, ப, ச. இதைத் தீர்க்காமலே விடலாம். அந்தப் பவும் சவும் மறுபடி வரும் சி கார்டிலும் இருப்பதால், சுற்று முடிந்த இடமே தெரியாமல் அடுத்தது தொடங்கிவிடும்.

ஒயாசிஸ் குழு 1995-இல் வெளியிட்ட ‘வொண்டர்வால்’ பாடலின் சரணம் இந்தத் தீர்க்காமல் விடும் வழிக்கு நல்ல உதாரணம். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ. கார்ட்கள் இ மைனர் செவன், ஜி, டி சஸ் ஃபோர், ஏ செவன் சஸ் ஃபோர். மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசி இரண்டு தந்திகளில், கேப்போவிலிருந்து மூன்றாம் ஃப்ரெட்டில், அசையாமல் இருக்கின்றன. கீழே மற்ற விரல்கள் மட்டும் மாறுகின்றன. டியும் ஏயும் தங்கள் நடு ஸ்வரத்தைச் சொல்வதே இல்லை. அதே இடத்தில் சாதாரண டி, ஏ மேஜர் கார்ட்களைப் போட்டு வாசித்துப் பாருங்கள். அந்த மிதப்பு உடனே போய்விடும்.

அதற்காக எல்லாக் கார்டையும் சஸ் ஆக்கினால் திறப்பதற்கு எதுவும் மிஞ்சாது. சரணத்தில் வைத்து, பல்லவிக்கு வரும்போது முழு மேஜர், மைனர் கார்ட்களை வாசித்தால் பல்லவி பளிச்சென்று விரியும்.

பெரும்பாலும் தவறு நேர்வது பாடகரோடு மோதும்போது. ஜி சஸ் ஃபோரில் நீங்கள் ச வாசிக்கும் அதே நேரத்தில் அவர் நியை நீட்டிப் பாடினால், அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும். அவர் சுருதி விலகியதுபோல் கேட்கும். பாடாமல் கார்ட்களை மட்டும் வாசித்தபோது நன்றாக இருந்து, குரல் சேர்ந்ததும் கெட்டால் காரணம் இதுதான். குழுவில் இன்னொருவர் அதே இடத்தில் சாதாரண ஜி மேஜர் வாசித்தாலும் இதேதான் நடக்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்துக்கு சஸ்ஸை நகர்த்துங்கள். அது முடியாவிட்டால் ப, த, ரி என்று சஸ் டூ வாசியுங்கள். தவுக்கும் நிக்கும் இடையே முழு ஸ்வரம் இருப்பதால் உரசல் மெலிந்துவிடும்.