எழுவாயும் பயனிலையும் இயைதல்

எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றிற்கு ஏற்பவே வினைமுற்று அமையும். பின்வரும் தொடரைக் காண்க.

'மாணவர் குழு, ஆசிரியர் இருவருடன், தில்லிக்குப் புறப்பட்டது.'

புறப்பட்டது எது? குழு. அதன் உறுப்பினர் மக்களே ஆயினும், 'குழு' என்னும் சொல் அஃறிணை ஒருமை. ஆதலால் 'புறப்பட்டது' என முடிந்தது. இடையில் வந்த 'ஆசிரியர் இருவருடன்' என்பது எழுவாய் அன்று. அதனைக் கொண்டு 'புறப்பட்டனர்' என முடித்தல் பிழை. 'மாணவர் குழுவினர்' என எழுதினால் அச்சொல் ஆட்களைச் சுட்டும். அப்போது 'புறப்பட்டனர்' என்பதே சரி.

ஆங்கிலத்தில் 'டேட்டா' என்னும் சொல் ஒருமை வினையோடும் பன்மை வினையோடும் வழங்குகிறது. தமிழில் 'கள்' விகுதி ஐயத்தை நீக்கும்: தரவு கிடைத்தது, தரவுகள் கிடைத்தன.

பயிற்சி: பொருந்தும் வினைமுற்றை எழுதுக.
மழையளவு பற்றிய தரவுகள், ஒரு வரைபடத்துடன், ________. (கிடைத்தது / கிடைத்தன)