குறைந்த விலை எது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் வெண்ணிற உப்பு அம்பாரங்களைக் கண்டிருப்பார்கள். எல்லாம் ஒரே உப்பாகத்தான் தோன்றும். மீன் கருவாடாக்கும் ஓர் அமைப்பின் கொள்முதல் குழுவில் அமரும் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

முதல் ஆண்டில் நாங்கள் தயாரித்த ஒப்பீட்டு அறிக்கை ஒரே பக்கம். ஒரு டன்னுக்கு யார் எவ்வளவு கேட்டார் என்பதை வரிசைப்படுத்தி, மிகக் குறைவாகக் கேட்டவரைப் பரிந்துரைத்தோம். வந்த உப்பு கையில் பிசுபிசுத்தது. கருவாடு கசந்தது, மழைக்காற்று பட்டதும் மீண்டும் ஈரமானது. விற்றவரைக் குறை கூற வழியில்லை. ஈரப்பதம் பற்றியோ மெக்னீசியம் பற்றியோ எங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு சொல்கூட இல்லை.

காரணம் பாத்தியிலேயே இருக்கிறது. கடல்நீர் வெயிலில் சுண்டி ஏறத்தாழ 25 பாகை பாமே செறிவை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். ஏறத்தாழ 29 பாகையைத் தாண்டிய நீரில் மெக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடிக்காமல் உப்பை வாரினால் மெக்னீசியமும் சேர்ந்தே வரும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மீனின் தசைக்குள் உப்பு இறங்குவதையும் தாமதப்படுத்தும். கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. அம்பாரத்தின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மேற்பரப்பு வெயிலில் காய்ந்திருக்கும் என்பதால், அங்கே மட்டும் எடுத்த மாதிரி எப்போதும் நல்ல உப்பாகவே தெரியும்.

மறு ஆண்டு இரு உறை முறைக்கு மாறினோம். மெக்னீசியத்துக்கு உச்சவரம்பு விதித்து, அதைத் தாண்டினால் விலை உறை திறக்கப்படாது என்று ஆவணத்திலேயே எழுதினோம். மூவர் போட்டியிட்டனர். ஒருவரின் மாதிரி வரம்பைத் தாண்டியது. அவருடைய விலை உறை பிரிக்கப்படாமலே திரும்பியது. அவர்தான் மிகக் குறைவாகக் கேட்டிருப்பாரோ என்று குழுவில் ஒருவர் அங்கலாய்த்தார். அந்த ஆவல் எழக்கூடாது என்பதற்காகத்தான் உறைகள் இரண்டு.

எஞ்சிய இருவரின் விலைகளை, கணக்கு எளிதாக விளங்கும்படி முழு எண்களாக்கித் தருகிறேன். முதலாமவர் பாத்தியடியில் டன்னுக்கு 3,200 ரூபாய் கேட்டார். ஏற்றுகூலி, லாரி வாடகை 900 ரூபாய் சேர்த்தால் எங்கள் வாசலில் 4,100 ரூபாய். இரண்டாமவர் கேட்டது எல்லாம் உட்பட 4,300 ரூபாய். இங்கேயே நிறுத்தியிருந்தால் முதலாமவருக்கே ஆணை சென்றிருக்கும். ஆனால் அவர் உப்பில் ஈரம் 6 சதவீதம். உலர்ந்த எடையில் சோடியம் குளோரைடு 96.5 சதவீதம். ஆக, அவர் தரும் ஒரு டன்னில் பயன்படும் உப்பு 907 கிலோதான். இரண்டாமவரின் உப்பில் ஈரம் 2, தூய்மை 98.5 சதவீதம், பயன்படுவது 965 கிலோ. பயன்படும் ஒரு டன்னுக்கு முதலாமவரின் விலை 4,520 ரூபாய். இரண்டாமவருடையது 4,455 ரூபாய். தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்க இருந்தோம்!

இந்தக் கணக்கைப் போடுவோம் என்பதையும் முன்னரே அறிவித்திருந்தோம். உறை திறந்த பிறகு இதை நுழைத்திருந்தால், கணக்கு சரியாக இருந்தாலும் முடிவு செல்லாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 அரசுக் கொள்முதலுக்குச் சொல்வதும் இதுதான்: ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட, அளவிடக்கூடிய காரணிகளைக் கொண்டே குறைந்த விலைப்புள்ளி எது என்று தீர்மானிக்க வேண்டும். ஆகவே நியாயப்படுத்தும் பத்தியில் 'தரமானவர்', 'நம்பகமானவர்' என்ற சொற்களுக்கு இடமில்லை. ஆவணத்தின் எந்த நிபந்தனை, ஆய்வறிக்கையின் எந்த எண் என்று காட்டினால் போதும்.

வழங்கும் காலத்துக்கு மதிப்பெண் தரலாம் என்ற யோசனையும் வந்தது. நான் மறுத்தேன். எங்களுக்கு உப்பு தேவைப்பட்டது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரக்காணத்துப் பாத்திகளில் உற்பத்தி நின்றுவிடும். அப்போது 'பதினைந்து நாளில் தருவேன்' என்பவருக்கும் 'முப்பது நாளில் தருவேன்' என்பவருக்கும் உள்ள வேறுபாடு வெறும் காகிதத்தில்தான். கையிருப்பு இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. ஆகவே, செப்டம்பர் இறுதிக்குள் கேட்ட அளவு முழுவதும் மேட்டு நிலத்தில் அம்பாரமாகி, கீற்று வேயப்பட்டு, எங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதைத் தகுதி நிபந்தனையாக்கினோம். இருவரும் அதில் தேறினர்.

இரண்டாமவரைப் பரிந்துரைத்த அறிக்கையுடன் கணக்குத் தாளையும் ஆய்வறிக்கைகளையும் இணைத்தோம். முதலாமவர் காரணம் கேட்டு வந்தார். தாளை அவரிடமே கொடுத்தோம். ஈரப்பதம் எழுதியிருந்த வரியில் சற்று நேரம் விரலை வைத்திருந்தவர், அடுத்த ஆண்டு வாரிய உப்பை எத்தனை நாள் வரப்பில் வடியவிட்டால் அது 3 சதவீதத்துக்கு இறங்கும் என்று கேட்டார்.