பக்கத்துக்கு எத்தனை சொல்?

முதல் நாவலை எழுதி முடித்துவிட்டு மெய்ப்புப் பார்க்கச் சொல்லி வருகிறவர்கள், "பக்கத்துக்கு எவ்வளவு சார்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். "உங்க பக்கத்துல எத்தனை சொல் இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கரிசல்காட்டுத் தம்பி ஒருவர் 96 ஏ4 பக்கம் அனுப்பினார். பக்கத்துக்கு 20 ரூபாய் என்று கேள்விப்பட்டு, 1,920 ரூபாயைக் கையில் வைத்திருந்தார். கோப்பைத் திறந்தால் பொடி எழுத்து, நெருக்கமான வரிகள்; பக்கத்துக்கு 450 சொல். மொத்தம் 43,200. என் கணக்கில் 250 சொல்தான் ஒரு பக்கம். அப்படிப் பார்த்தால் 173 பக்கம், 3,460 ரூபாய். அவருக்கு முகம் வாடிவிட்டது. "பெரிய எழுத்துல அனுப்புறவர்கிட்ட அதிகமாவும், சின்ன எழுத்துல அனுப்புறவர்கிட்ட குறைவாவும் வாங்கினா நியாயமா தம்பி?" என்றதும் ஒப்புக்கொண்டார்.

சொல்லை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதினால் கணினி மூன்று சொல் என்னும். 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்தால் ஒன்று. திருத்தத் திருத்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். அதனால் கைக்கு வந்த கோப்பை அன்றே எண்ணி, அந்த எண்ணை எழுதிக்கொடுத்துவிடுவேன். பாதிப் பணம் முன்பணம். அதற்கு இரண்டு முறை பார்ப்பேன்: ஒருமுறை கோப்பில், ஒருமுறை பக்கம் வடிவமைத்த பிறகு. நடுவில் புது அத்தியாயம் சேர்த்தால் அதற்குத் தனிக் கணக்கு. கதையை மாற்றி எழுதுவது இந்தக் கூலிக்குள் வராது.

அடுத்தது நடைத்தாள். முதல் பத்துப் பக்கத்தைப் படித்ததுமே, இந்தப் புத்தகத்துக்கு மட்டுமான முடிவுகளை ஒரே தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புவேன். தம்பியின் தாளில் இருந்தவற்றில் சில: பாத்திரத்தின் பெயர் எல்லா இடத்திலும் 'முத்தையா', 'முத்தய்யா' அல்ல. கதைசொல்லலில் 'பேருந்து', பேச்சில் 'பஸ்ஸு'. 'கொண்டிரு', 'விடு' போன்ற துணைவினைகள் சேர்த்தே வரும். பேச்சில் 'ன்னு' மட்டும், 'னு' கிடையாது. 'கறுப்பு', 'கருப்பு' இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் அவர் விரும்பிய 'கறுப்பு'. ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

இந்தத் தாள் இருந்தால் பெயர்களைத் தேடிச் சரிபார்ப்பது எளிது. ஆனால் தேடல் ஏமாற்றவும் செய்யும். ஓர் இடத்தில் 'மாரியம்மா' அகப்படவே இல்லை. 'ரி' அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்து, அதன்மேல் இகரக் குறி போட்டிருந்தார். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் இந்தப் பிழையைத்தான் தேடுகிறேன்.

கருத்து வேறுபாடு வராத புத்தகம் இல்லை. அதனால் திருத்தங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலாவது பிழை. 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம் கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கைவேலைக் கொடுத்தான். இடம் பார்த்துத் திருத்திவிடுவேன், கேட்க மாட்டேன். இரண்டாவது தேர்வு. அது நடைத்தாளில் முடிந்துவிடும். மூன்றாவது கேள்வி. அதை ஓரத்தில் குறிப்பாக எழுதுவேன், வரியில் கைவைக்க மாட்டேன்.

தம்பியோடு இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டது. 'சுவற்றில்' என்று எழுதியிருந்தார். "எல்லாரும் அப்படித்தானே சார் எழுதறாங்க?" என்றார். "வயிறு என்பது 'வயிற்றில்' ஆகும். சொல் 'சுவறு' இல்லையே, 'சுவர்'தானே?" என்றேன். கதைசொல்லலில் 'சுவரில்' ஆனது. பேச்சில் வந்த 'செவத்துல' அப்படியே நின்றது.

இன்னொன்றில் தப்பு என்னுடையது. 'கம்மாய்' வந்த இடமெல்லாம் 'கண்மாய்' என்று மாற்றிவிட்டேன். "சார், கதையைச் சொல்றது பத்து வயசுப் பையன். அவன் வாயில எப்படி 'கண்மாய்' வரும்?" என்று கேட்டார். அவர் எழுதியதை வேண்டாத இடத்தில் தொட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 61 இடத்தையும் திரும்ப மாற்றிக் கொடுத்தேன். அதற்குக் கூலி கேட்கவில்லை. அன்றிலிருந்து என் நடைத்தாளின் முதல் வரி ஒரு கேள்வி: கதையைச் சொல்வது யார்?

எவ்வளவு பேசியும் தீராவிட்டால் ஆசிரியர் சொல்வதே முடிவு. அட்டையில் இருக்கப்போவது அவர் பெயர். அவர் முடிவு என்று நடைத்தாளில் தேதியோடு குறித்துவைப்பேன். புத்தகம் வந்தபின் யாராவது கேட்டால், மறதியா முடிவா என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.