விசாவில் ஒரு தேதி, கவுண்டரில் வேறு தேதி

சிகாகோ ஓஹேர் விமான நிலையம், 2023 செப்டம்பர் 24. மதுரைப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர் வரிசையில் நகர்ந்து கவுண்டருக்கு வந்தார். ஹெச்-1பி விசாவில் முதல் பயணம். கம்பெனி வாங்கித் தந்த அனுமதி அக்டோபர் 1-ல் தொடங்கி 2026 செப்டம்பர் 15 வரை. வேலை தொடங்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே நாட்டுக்குள் வரலாம், ஆனால் அந்த நாளுக்கு முன்னால் வேலையில் உட்காரக் கூடாது. இவர் அந்தக் கணக்குப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருந்தார்.

அதிகாரி கைரேகை எடுத்தார், போட்டோ எடுத்தார். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்த ஊர், சம்பளம் எவ்வளவு? விமானத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்களில் பாதிக்குக்கூட வேலை வரவில்லை. கம்பெனி பெயரில் வந்த ஒப்புதல் கடிதத்தைக் கேட்டார். அது கைப்பையில் இருந்தது. பெட்டிக்குள் போட்டிருந்தால் தவித்திருப்பார், ஏனென்றால் பெட்டியை இந்தக் கவுண்டரைத் தாண்டிய பிறகுதான் எடுக்க முடியும். பிறகு அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பி, கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு ஏதோ தட்டினார். முத்திரை விழுந்தது. எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மனைவிக்கு மெசேஜ் போட்டார்: ‘முடிஞ்சது.’

முடியவில்லை. விசா என்பது அமெரிக்க வாசல் வரை வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்தக் கவுண்டரில் இருக்கும் அதிகாரிதான் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தின் பதிவுக்கு I-94 என்று பெயர். முன்பெல்லாம் சின்ன வெள்ளைத் தாளாகப் பாஸ்போர்ட்டில் செருகித் தருவார்கள். 2013 முதல் விமான நிலையங்களில் அது கணினிப் பதிவாகிவிட்டது, i94.cbp.dhs.gov என்ற தளத்தில் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். கையில் ஒன்றும் தராததால், பார்க்கவேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை.

வேலையில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் அந்தப் பதிவின் பிரிண்ட் கேட்டார்கள். எடுத்தார். “Admit Until Date” என்ற இடத்தில் 2024 ஜூன் 10 என்றிருந்தது. விசாவில் 2026, ஒப்புதல் கடிதத்தில் 2026, இங்கே எட்டே மாதம்.

காரணம் பாஸ்போர்ட். கல்லூரி மூன்றாம் ஆண்டில், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் எடுத்து வைத்தது. பத்து வருடம் செல்லும். 2024 ஜூன் 10-ல் காலாவதி. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், அதிகாரி பெரும்பாலும் அந்த நாளோடு தங்கும் அனுமதியையும் நிறுத்திவிடுவார். நம் பிள்ளைகள் இருபது வயதில் பாஸ்போர்ட் எடுத்து, முப்பதை நெருங்கும்போது ஹெச்-1பியில் போகிறார்கள் என்பதால், இந்தச் சிக்கல் அவர்களைத் தேடி வந்து பிடிக்கிறது.

அவருக்கு முதலில் தோன்றியது, சிகாகோ இந்தியத் தூதரகம் மூலம் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் தேதி தானாக நீளும் என்பது. நீளாது. புதுப் பாஸ்போர்ட் வந்தாலும் I-94 பழைய தேதியிலேயே நிற்கும். அதைக் கவனிக்காமல் ஜூன் 10-க்குப் பிறகும் தங்கினால் கணக்கு ஏறத் தொடங்கும்: 180 நாளைத் தாண்டியபின் நாட்டை விட்டுக் கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடம் ஆகியிருந்தால் பத்து வருடம், திரும்ப நுழையத் தடை. அதிகாரி தப்பாகத் தட்டியிருந்தால் திருத்தித் தர விமான நிலையத்தில் தனி அலுவலகம் உண்டு. ஆனால் இங்கே யாரும் தப்பு செய்யவில்லையே.

கம்பெனி வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஜூன் 10-க்கு முன் கம்பெனி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம், காகிதம், காத்திருப்பு எல்லாம் உண்டு. அல்லது புதுப் பாஸ்போர்ட்டோடு வெளியே போய்த் திரும்பி வரலாம். இவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனார். விசா பழைய பாஸ்போர்ட்டிலேயே செல்லும் என்பதால் இரண்டையும் சேர்த்து எடுத்துவந்தார். திரும்பி இறங்கியதும் பெட்டி வருவதற்குள்ளேயே போனில் பதிவைத் திறந்தார்: 2026 செப்டம்பர்.

மதுரையிலேயே புதுப்பித்திருக்கலாம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்னாலேயே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிவந்திருந்தார். அவர்களுடைய பதிவுகளையும் அங்கேயே தேடினார், ஏனென்றால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் I-94 தனித்தனி. கம்பெனி பார்ப்பது ஊழியருடையதை மட்டும்தான். மனைவிக்கு 2026. மகளுக்கு 2025 மார்ச். சிறுவர்களுக்குப் பாஸ்போர்ட் ஐந்தே வருடம்தான் தருகிறார்கள். அவளுடையது ஒரு வயதில் எடுத்தது.